திருத்த நடவடிக்கை நிறைவு அறிக்கை

திருத்த நடவடிக்கை நிறைவு அறிக்கை என்பது, ஓர் இடர்நிகழ்வுக்குப் பின் செய்வதாக ஒப்புக்கொள்ளப்பட்ட திருத்தங்கள் உண்மையில் செய்து முடிக்கப்பட்டன என்பதையும், அவை எதிர்பார்த்த பயனைத் தருகின்றனவா என்பது சோதித்துப் பார்க்கப்பட்டது என்பதையும் சான்றுகளுடன் நிறுவும் ஆவணம் ஆகும். நிகழ்வு முடிந்தவுடன் எழுதப்படும் பின்னாய்வு அறிக்கையிலிருந்து இது வேறுபட்டது. பின்னாய்வு அறிக்கை என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்யப்படும் என்று கூறுகிறது. நிறைவு அறிக்கை, கூறியது செய்யப்பட்டதா என்ற ஒரே வினாவுக்கு விடையளிக்கிறது. முன்னது சில நாட்களில் எழுதப்படும். பின்னது பெரும்பாலும் சில மாதங்கள் கழித்தே எழுதப்படும். அதற்குள் நிகழ்வின் சூடு ஆறிப்போய்விடுவதால், பல நிறுவனங்களில் இவ்வறிக்கை எழுதப்படுவதே இல்லை.

தர மேலாண்மைக்கான ஐ.எசு.ஓ 9001 சீர்தரத்தின் 2015 ஆம் ஆண்டுப் பதிப்பு, 10.2 ஆம் பிரிவில், திருத்த நடவடிக்கையின் பயனுறுதியை மீளாய்வு செய்யவும் அதன் விளைவுகளை ஆவணமாகப் பேணவும் கோருகிறது. அந்த ஆவணத்தை எவ்வாறு எழுதுவது என்று அச்சீர்தரம் விரித்துக் கூறவில்லை. இக்கட்டுரை, மென்பொருள் துறையில் பரவலாக அறியப்பட்ட ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு அதனை விளக்குகிறது.

## கிட்லேப் தரவிழப்பு, 2017

மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் இணையத்தளம், 2017 சனவரி 31 அன்று தன் தரவுத்தளத்தை இழந்தது. தளத்தில் சுமை மிகுந்ததால், முதன்மை வழங்கியிலிருந்து துணை வழங்கிக்குத் தரவு படியெடுக்கப்படுவது தடைப்பட்டது. அதைச் சீர்செய்ய முயன்ற பொறியாளர் ஒருவர், துணை வழங்கியில் இருப்பதாக எண்ணி முதன்மை வழங்கியின் தரவு அடைவை நீக்கத் தொடங்கினார். ஓரிரு நொடிகளில் தவற்றை உணர்ந்து நிறுத்தினாலும், ஏறத்தாழ 300 கிகாபைட்டு தரவில் 4.5 கிகாபைட்டு அளவே எஞ்சியது.

இதுவரை நடந்தது ஒரு மனிதத் தவறு. நிகழ்வைப் புகழ்பெறச் செய்தது அதற்குப் பின் தெரியவந்தவையே. நாள்தோறும் அமேசானின் எசு3 சேமிப்பகத்துக்கு அனுப்பப்பட வேண்டிய காப்புநகல்கள் அங்கு இல்லை. தரவுத்தளம் போசுட்கிரெசு 9.6 பதிப்பில் இயங்க, காப்புநகல் எடுக்கும் `pg_dump` நிரல் 9.2 பதிப்பாக இருந்தது. தன்னைவிடப் புதிய பதிப்பு வழங்கியைக் கண்டால் அந்நிரல் வேலை செய்ய மறுத்துப் பிழை காட்டி நின்றுவிடும். பிழை ஏற்பட்டதைக் கூறும் மின்னஞ்சல்களோ, டிமார்க் எனப்படும் மின்னஞ்சல் உறுதிப்பாட்டு அமைப்பில் தேறாததால், பெறுநரைச் சேராமல் திருப்பி அனுப்பப்பட்டன. அசூர் வட்டு நிழற்படங்கள் கோப்பு வழங்கிகளுக்கு எடுக்கப்பட்டனவே தவிர, தரவுத்தள வழங்கிகளுக்கு எடுக்கப்படவில்லை.

அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நிழற்படமே தளத்தை மீட்டது. சோதனைச் சூழலின் வட்டுகள் மிக மெதுவானவையாக இருந்ததால் அதைப் படியெடுக்கவே ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. ஏறத்தாழ 5000 திட்டங்கள், 5000 கருத்துரைகள், 700 பயனர் கணக்குகள் ஆகியவற்றில் அந்த இடைவெளிக்குரிய மாற்றங்கள் மீளவில்லை. நிறுவனம் 2017 பெப்ரவரி 10 அன்று விரிவான பின்னாய்வு அறிக்கையை வெளியிட்டு, செய்யவேண்டிய திருத்தங்களையும் பட்டியலிட்டது. இவ்வளவு வெளிப்படையாக எழுதப்பட்ட பின்னாய்வு அறிக்கைகள் அன்று அரிது.

நிறைவு அறிக்கையைப் பற்றிப் பேச இந்நிகழ்வு மிகவும் பொருந்துவதற்குக் காரணம் ஒன்றுண்டு. காப்புநகல் அமைப்பு "முடிந்த வேலை"யாகவே கருதப்பட்டிருந்தது. அது அமைக்கப்பட்டிருந்தது, நாள்தோறும் ஓடியது, ஓடியதன் விளைவை மட்டும் எவரும் பார்க்கவில்லை. காப்புநகல்கள் ஏன் சோதிக்கப்படவில்லை என்ற வினாவுக்கு, அப்பணிக்கு உரிமையாளர் எவரும் இல்லை என்பதே பின்னாய்வு கண்ட விடை.

## நடவடிக்கையின் சொல்லமைப்பு

நிறைவு அறிக்கையின் தரம், அது எழுதப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, திருத்த நடவடிக்கை எந்தச் சொற்களில் எழுதப்பட்டது என்பதிலேயே பெரிதும் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

கிட்லேப் பட்டியலில் இரண்டு வகை வினைகள் காணப்படுகின்றன. "தரவுத்தளக் காப்புநகலை மீட்டெடுப்பதைத் தானியக்கமாகச் சோதித்தல்" என்பது ஒரு வகை. "குறித்த நேரத்து நிலைக்கு மீட்கும் முறையை ஆராய்தல்" என்பது மற்றொரு வகை. முதலாவதற்கு நிறைவு நிலை உண்டு: சோதனை ஓடுகிறது, அல்லது ஓடவில்லை. இரண்டாவதற்கு அவ்வாறு இல்லை. யாரோ ஒருவர் ஒரு பிற்பகல் ஆராய்ந்துவிட்டுப் பணிச்சீட்டை மூடினாலும் அது முடிந்ததாகவே பொருள்படும். ஆனால் தரவு முன்பிருந்த அளவு இடரிலேயே இருக்கும். நிகழ்வு முடிந்த பத்து நாட்களில் எல்லாவற்றுக்கும் தீர்வு தெரிந்திருக்க முடியாதாகையால் இத்தகைய வினைகளைப் பின்னாய்வில் தவிர்க்க இயலாது. ஆயினும் நிறைவு அறிக்கையை எழுதுபவர் அவற்றை அப்படியே மூடக்கூடாது. ஆராய்ச்சியின் முடிவில் எடுக்கப்பட்ட தீர்மானம் என்ன, அது எந்தப் புதிய நடவடிக்கையாக மாறியது, அந்நடவடிக்கை முடிந்ததா என்று தொடர்ந்து சென்று எழுதவேண்டும். "கைவிடப்பட்டது, காரணம் இது" என்பதும் ஏற்கத்தக்க முடிவே. "ஆராயப்பட்டது" என்பது முடிவாகாது.

"பயிற்சி அளித்தல்", "விழிப்பூட்டுதல்", "கவனமாக இருக்குமாறு அறிவுறுத்துதல்" முதலியவையும் இவ்வகையினவே. பயிற்சிக்கு வந்தோரின் கையொப்பப் பட்டியல், அவர்கள் வந்தார்கள் என்பதற்கு மட்டுமே சான்று.

## ஒரு பதிவு எழுதப்படும் முறை

கிட்லேப் பட்டியலின் காப்புநகல் திருத்தத்தை எடுத்துக்கொண்டு, அதற்குரிய நிறைவுப் பதிவை எவ்வாறு எழுதலாம் என்று இங்கே பார்க்கலாம். இது அந்நிறுவனம் வெளியிட்ட ஆவணம் அன்று. விளக்கத்துக்காக இக்கட்டுரைக்கென எழுதப்பட்டது.

முதலில், திருத்தம் எந்தக் காரணத்தைத் தாக்குகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதவேண்டும்: "பதிப்பு வேறுபாட்டால் காப்புநகல் எடுக்கப்படவில்லை, எடுக்கப்படாதது எவருக்கும் தெரியவில்லை." இந்த வாக்கியத்தில் இரண்டு காரணங்கள் இருப்பதைக் கவனிக்கவேண்டும். சரியான பதிப்பை நிறுவுவது முதல் காரணத்தை மட்டுமே நீக்கும். நாளை வட்டு நிரம்பியோ, சேமிப்பகத்தின் கடவுச்சொல் காலாவதியாகியோ காப்புநகல் நின்றால், இரண்டாவது காரணம் அப்படியே மீண்டும் வந்து நிற்கும். எனவே பதிவும் இரண்டாகப் பிரியும்.

முதற்பகுதிக்குச் சான்று தேடுவது எளிது. பதிப்பு மாற்றப்பட்டது என்ற நிரல் மாற்றத்தின் இணைப்பு மட்டும் போதாது; அது மாற்றம் எழுதப்பட்டதைக் காட்டுமே தவிர, இயங்கும் வழங்கியில் நிறுவப்பட்டதைக் காட்டாது. காப்புநகல் பணி உண்மையில் ஓடும் கணினியில், அப்பணி ஓடும் அதே பயனர் கணக்கில், பின்வரும் கட்டளைகள் தரும் விடை தேவை.

```
pg_dump --version
psql -c "SHOW server_version;"
```

"அதே கணினி, அதே கணக்கு" என்ற கட்டுப்பாடு வீண் பிடிவாதம் அன்று. கிட்லேப்பில், எந்தப் பதிப்பைப் பயன்படுத்துவது என்பதை நிறுவல் பொதி தரவு அடைவிலுள்ள ஒரு கோப்பைப் பார்த்தே தீர்மானித்தது. காப்புநகல் பணி ஓடியது தரவு அடைவே இல்லாத ஒரு செயலி வழங்கியில். ஆகவே அது இயல்புநிலையான 9.2 ஐத் தேர்ந்தது. தரவுத்தள வழங்கியில் உட்கார்ந்து மேற்கண்ட கட்டளையை இட்டிருந்தால் எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும்.

அடுத்ததாக, எடுத்த காப்புநகல் மீட்கத்தக்கதா என்பதைக் காட்டவேண்டும். கோப்பு இருக்கிறது என்பதோ, அதன் அளவு பெரிதாக இருக்கிறது என்பதோ இதற்குப் போதாது. அதைத் தனி வழங்கி ஒன்றில் மீட்டு, உள்ளடக்கத்தை வினவிப் பார்க்கவேண்டும்.

```
SELECT count(*), max(created_at) FROM projects;
```

இந்த வினவல் இரண்டு செய்திகளைத் தருகிறது. எண்ணிக்கை, இயங்கும் தரவுத்தளத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிடத்தக்கதாக இருக்கவேண்டும். கடைசி நேரமுத்திரை, காப்புநகல் எடுக்கப்பட்ட நேரத்துக்கு அருகில் இருக்கவேண்டும். இரண்டாவதே முக்கியமானது. மூன்று வாரங்களுக்கு முந்தைய கோப்பை ஒவ்வொரு நாளும் வெற்றிகரமாக மீட்டுக்கொண்டிருக்கும் சோதனைகளும் உண்டு. எண்ணிக்கை மட்டும் பார்ப்பவருக்கு அது புலப்படாது.

மீட்க ஆன நேரத்தையும் பதிவில் குறிக்கவேண்டும். இங்கே ஒரு பொறி உள்ளது. சோதனையை விரைவான புதிய கணினியில் செய்து "நாற்பது நிமிடம்" என்று எழுதிவிட்டு, உண்மை நிகழ்வின்போது மெதுவான வட்டிலிருந்து படியெடுக்க நேர்ந்தால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. 2017 இல் 18 மணி நேரம் ஆனது தரவுத்தள நிரலின் குறையால் அன்று. படியெடுத்த வழியின் வேகத்தால்தான். ஆகவே நிகழ்வு நேர்ந்தால் தரவு எங்கிருந்து எங்கே செல்லுமோ, அதே வழியில் சோதித்த நேரத்தை மட்டுமே அறிக்கையில் எழுதலாம்.

### அமைதியும் நலமும்

இரண்டாவது காரணத்துக்கு வருவோம். காப்புநகல் நின்றால் எச்சரிக்கை வரும் என்று எவ்வாறு நிறுவுவது? எச்சரிக்கை அமைப்பின் திரைப்படத்தை ஒட்டிவைப்பதே பலரும் செய்வது. அது எச்சரிக்கை எழுதப்பட்டிருப்பதைக் காட்டுகிறது. வந்து சேரும் என்பதைக் காட்டவில்லை. கிட்லேப்பிலும் எச்சரிக்கை மின்னஞ்சல் எழுதப்பட்டே இருந்தது.

இதற்கு ஒரே வழி, வேண்டுமென்றே பழுதை உண்டாக்குவதாகும். முன்னறிவித்த ஒரு நாளில் காப்புநகல் பணியை நிறுத்திவைத்து, பணிமுறையில் இருக்கும் பொறியாளரின் கைப்பேசிக்கு அழைப்பு வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கவேண்டும். புரோமித்தியசு கண்காணிப்பு மென்பொருளில், கடைசி வெற்றியின் நேரத்தைக் கொண்டு விதி இவ்வாறு அமையலாம்.

```
time() - backup_last_success_timestamp_seconds > 93600
```

93600 நொடிகள் என்பது 26 மணி நேரம். நாள்தோறும் ஓடும் பணிக்கு இரண்டு மணி நேரச் சலுகை. பணியைக் கையால் நிறுத்தினால் இவ்விதி சரியாகவே ஒலிக்கும். ஆனால் காப்புநகல் வழங்கியே இறந்து, அளவையை அனுப்புவதும் நின்றுவிட்டால், ஒப்பிட மதிப்பே இல்லாததால் இவ்விதி எதையும் கூறாது. கண்காணிப்புப் பலகை பச்சையாகவே இருக்கும். இதைத் தவிர்க்க, அளவை இல்லாமற்போவதையே பிடிக்கும் இரண்டாவது விதி வேண்டும்.

```
absent(backup_last_success_timestamp_seconds)
```

எனவே பழுதைச் செயற்கையாக உண்டாக்கும் சோதனையும் இருமுறை செய்யப்படவேண்டும்: ஒருமுறை பணி தோல்வியுறுவதாக, மறுமுறை வழங்கியே காணாமற்போவதாக. முதலாவதை மட்டும் செய்து மூடப்பட்ட பதிவு, 2017 இல் இருந்த ஓட்டையை வேறோர் இடத்துக்கு நகர்த்தியதாகவே அமையும்.

மேற்கண்டவற்றைத் தொகுத்தால், பதிவு ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

> காரணம்: காப்புநகல் எடுக்கப்படாதது எவருக்கும் தெரியவில்லை.
>
> செய்தது: கடைசி வெற்றியின் வயதைக் கண்காணிக்கும் விதியும், அளவை இல்லாமற்போவதைக் கண்காணிக்கும் விதியும் உற்பத்திச் சூழலில் நிறுவப்பட்டன. இரண்டும் கைப்பேசி அழைப்பாகச் செல்லும். மின்னஞ்சல் வழி நீக்கப்பட்டது.
>
> சோதித்தது: (1) காப்புநகல் பணி நிறுத்தப்பட்டது. கடைசி வெற்றிக்குப்பின் 26 மணி 4 நிமிடத்தில் அழைப்பு வந்தது. (2) காப்புநகல் வழங்கி அணைக்கப்பட்டது. 11 நிமிடத்தில் அழைப்பு வந்தது. முதன்முறை சோதித்தபோது இரண்டாவது அழைப்பு வரவில்லை. விதி திருத்தப்பட்டு மறுநாள் மீண்டும் சோதிக்கப்பட்டது.
>
> சோதித்தவர்: சேமிப்பகக் குழுவின் பொறியாளர். விதியை எழுதியவர் அல்லர்.
>
> சான்று: அழைப்புப் பதிவேட்டின் இரண்டு படிகள், பணி நிறுத்தப்பட்ட நேரத்தின் கட்டளைப் பதிவு, நிகழ்வுக் கோப்புறையில் இணைக்கப்பட்டுள்ளன.
>
> எல்லை: கைப்பேசி அழைப்புச் சேவையே செயலிழந்தால் நேர்வது சோதிக்கப்படவில்லை.
>
> நிலை: மூடப்பட்டது. அடுத்த சோதனை மூன்று மாதத்தில். உரிமையாளர் தரவுத்தளக் குழு.

முதல் முயற்சி தோற்றதை இப்பதிவு மறைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அத்தகைய வரி ஒன்றுகூட இல்லாத நிறைவு அறிக்கையைப் படிக்கும் பட்டறிவுள்ள தணிக்கையாளருக்கு முதலில் எழும் ஐயம், சோதனைகள் உண்மையில் நடந்தனவா என்பதுதான்.

## சான்றுகள்

ஒரு சான்று பயனுள்ளதா என்பதை அறிய, திருத்தம் செய்யப்படாமல் இருந்தாலும் இதே சான்று கிடைத்திருக்குமா என்று கேட்டுப்பார்க்கலாம். "காப்புநகல் பணி நேற்று ஓடியது" என்பது கிட்லேப்பில் நிகழ்வுக்கு முதல் நாளும் உண்மையே. ஆகவே அது சான்றாகாது. மூடப்பட்ட பணிச்சீட்டும் இத்தன்மையதே. யாரோ ஒரு பொத்தானை அழுத்தினார் என்பதற்கு மேல் அது எதையும் கூறுவதில்லை.

பதிவேடுகளுக்கு ஆயுள் உண்டு என்பதும் மறக்கப்படுவது வழக்கம். பல நிறுவனங்களில் வழங்கிப் பதிவேடுகள் சில வாரங்களில் அழிக்கப்பட்டுவிடும். பதிவேட்டுக்கு இணைப்பு மட்டும் கொடுத்து எழுதப்பட்ட அறிக்கை, ஆறு மாதம் கழித்து எவரேனும் சரிபார்க்க வரும்போது வெற்று இணைப்புகளின் பட்டியலாக மாறியிருக்கும். தேவையான வரிகளை வெட்டியெடுத்து, எந்தக் கணினியில் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டவை என்று குறித்து, அறிக்கையுடனேயே வைப்பது பாதுகாப்பானது. திரைப்படங்களைவிட உரை நல்லது. அதைத் தேடவும் ஒப்பிடவும் முடியும்.

திருத்தத்தைச் செய்தவரே சரிபார்க்கக்கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. சிறு குழுக்களில் இதைக் கடைப்பிடிப்பது கடினம். அவ்விடத்தில், சோதனையின் படிகளைச் செய்தவர் எழுதிக்கொடுக்க, அவற்றை வேறொருவர் அவர் உதவியின்றித் தனியே செய்துபார்ப்பது ஓரளவு ஈடுசெய்யும். படிகளில் விடுபட்டவையும் அப்போதுதான் தெரியவரும்.

## மீண்டும் நிகழாமை சான்றாகுமா?

"நிகழ்வுக்குப்பின் மூன்று மாதங்களாக மீண்டும் நிகழவில்லை; ஆகவே திருத்தம் பயனுள்ளது" என்ற வாக்கியம் நிறைவு அறிக்கைகளில் அடிக்கடி காணப்படுகிறது. இது பெரும்பாலும் வலுவற்ற வாதம். ஆண்டுக்குச் சராசரியாக ஒருமுறை தற்செயலாக நிகழும் பழுதை எடுத்துக்கொள்வோம். எந்தத் திருத்தமும் செய்யாவிட்டாலும், அது ஏதேனும் மூன்று மாதங்களில் நிகழாதிருப்பதற்கான நிகழ்தகவு *e*⁻⁰·²⁵, அதாவது ஏறத்தாழ 78 விழுக்காடு. எதுவும் செய்யாதவரும் நான்கில் மூன்றுமுறைக்கு மேல் இதே வாக்கியத்தை எழுதமுடியும். அந்நிகழ்தகவு 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க மூன்று ஆண்டுகள் காத்திருக்கவேண்டும்.

வாரம் இருமுறை நிகழ்ந்த பழுதுக்கு நிலைமை வேறு. மூன்று மாத அமைதி அங்கே வலிமையான சான்று. எனவே காத்திருப்புக் காலத்தைப் பழுதின் முந்தைய வேகத்தைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும். எல்லா நிகழ்வுகளுக்கும் "30 நாள்" என்று நிறுவன விதியில் எழுதிவைப்பது பொருளற்றது. அரிய நிகழ்வுகளுக்கு, மேலே கண்டதுபோல் பழுதைத் தாமே உண்டாக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி குறைவு.

சில திருத்தங்களை அவ்வாறும் சோதிக்க இயலாது. கிட்லேப் பட்டியலில், ஒவ்வொரு வழங்கியின் கட்டளைத் தூண்டியும் எந்த வழங்கி, எந்தச் சூழல் என்பதைத் தெளிவாகக் காட்டுமாறு `PS1` மாறியை மாற்றுவதும் ஒன்று. மாற்றம் எல்லா வழங்கிகளிலும் நிறுவப்பட்டதை எளிதாகக் காட்டலாம். ஆனால் நள்ளிரவில், பல மணி நேரம் உழைத்துக் களைத்த ஒருவர் அதைக் கவனிப்பார் என்பதை எந்தச் சோதனையும் காட்டாது. இத்தகைய பதிவில் "நிறுவப்பட்டது உறுதி, பயன் உறுதிசெய்யப்படவில்லை" என்று எழுதுவதே நேர்மை. அத்துடன், அந்த இடரை உண்மையில் தாங்கி நிற்பது வேறு எந்தத் திருத்தம் என்பதையும் சுட்டவேண்டும். இங்கே அது மீட்கத்தக்க காப்புநகல்தான்.

## மூட மறுத்த அறிக்கை: கொலம்பியா

நிறைவு அறிக்கை எல்லாவற்றையும் மூடவேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதற்கு விண்வெளித் துறையில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 2003 பெப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் புவிக்குத் திரும்பும்போது சிதறி, கல்பனா சாவ்லா உட்பட எழுவர் உயிரிழந்தனர். ஏவுதலின்போது வெளிக் கலனிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் இடது இறக்கையைத் தாக்கியதே காரணம் என விசாரணை வாரியம் கண்டறிந்தது. வாரியம் அளித்த 29 பரிந்துரைகளில் 15, அடுத்த பறப்புக்கு முன் நிறைவேற்றப்படவேண்டியவை.

அவை நிறைவேறினவா என்று பார்க்க, முன்னாள் விண்வெளி வீரர்களான தாமசு இசுடாஃபோர்டு, ரிச்சர்டு கோவி ஆகியோர் தலைமையில் தனிக் குழு ஒன்றை நாசா அமைத்தது. பறக்கலாமா என்று தீர்மானிப்பது இக்குழுவின் பணி அன்று. பரிந்துரைகளின் நோக்கம் நிறைவேறியதா என்று கூறுவது மட்டுமே. இந்தப் பிரிவினை சிறப்பானது. பறப்பு நாளுக்குப் பொறுப்பேற்காதவர்களால்தான் "இல்லை" என்று எழுதமுடிகிறது.

2005 இல் குழு தந்த முடிவின்படி 12 பரிந்துரைகள் நிறைவேறின. மூன்று முழுமையாக நிறைவேறவில்லை. வெளிக் கலனிலிருந்து சிதறல்கள் விழுவதை அடியோடு நீக்குதல், விண்ணோடத்தின் தாங்குதிறனைக் கூட்டுதல், வெப்பக்காப்பை விண்வெளியிலேயே ஆய்ந்து பழுதுபார்த்தல் ஆகியவையே அம்மூன்று. இவை அந்த விபத்தோடு மிக நேரடியாகத் தொடர்புடையவை. நாசா பெருமளவு வேலை செய்திருந்தது என்பதைக் குழு மறுக்கவில்லை. ஆனால் பரிந்துரையின் சொல் "குறைத்தல்" அன்று, "நீக்குதல்". அந்தச் சொல்லுக்கு எதிரே "நிறைவேறியது" என்று எழுதக் குழு உடன்படவில்லை. குழுவின் ஏழு உறுப்பினர்கள் நாசாவின் மேலாண்மைப் போக்கைக் கடுமையாகக் குறைகூறும் தனி இணைப்பையும் இறுதி அறிக்கையில் சேர்த்தனர்.

நாசா எஞ்சிய இடரை அறிந்தே ஏற்றுக்கொண்டு, 2005 சூலை 26 அன்று டிசுகவரி விண்ணோடத்தை ஏவியது. விபத்துக்குக் காரணமான இடத்திலிருந்த நுரை நீக்கப்பட்டு, அங்கே சூடேற்றிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஆனால் கலனின் வேறொரு பகுதியான காற்றுச்சுமைத் தடுப்புச் சரிவிலிருந்து, ஏறத்தாழ ஒரு பவுண்டு எடையுள்ள நுரைத்துண்டு பெயர்ந்தது. அது விண்ணோடத்தைத் தாக்கவில்லை. விண்ணோடம் பாதுகாப்பாகத் திரும்பியது. எனினும் பறப்புகள் மீண்டும் நிறுத்தப்பட்டு, அச்சரிவே அகற்றப்பட்ட பின், 2006 சூலை 4 அன்றுதான் அடுத்த ஏவுதல் நடந்தது.

குறிப்பிட்ட ஓர் இடத்தில் செய்த திருத்தத்தைச் சரிபார்த்துவிட்டு, அதே காரணம் இருக்கக்கூடிய பிற இடங்களை விட்டுவிடுவது மென்பொருளிலும் மிகப் பொதுவான குறை. காப்புநகலின் பதிப்பைச் சரிசெய்தோம் என்று மூடும் பதிவில், அந்நிறுவனத்தில் வேறு எத்தனை பணிகள் இதே வழியில் தம் பதிப்பைத் தேர்கின்றன, எத்தனை பணிகள் இதே மின்னஞ்சல் வழியில் தம் தோல்வியை அறிவிக்கின்றன என்ற இரண்டு எண்களும் இடம்பெறவேண்டும்.

## திறந்த உருப்படிகள்

மூடமுடியாத உருப்படிகளை அறிக்கையின் இறுதியில் ஒரு மூலையில் வைப்பது வழக்கமாயினும், அவற்றை முதற்பக்கத்திலேயே வைப்பது நல்லது. கையொப்பமிடும் மேலாளர் பெரும்பாலும் முதற்பக்கத்தைத்தான் படிக்கிறார். ஒவ்வொரு திறந்த உருப்படிக்கும், எஞ்சியுள்ள இடர் என்ன, அதை ஏற்றுக்கொள்பவர் யார், எந்த நாள்வரை ஏற்கிறார் என்ற மூன்றும் எழுதப்படவேண்டும். நாள் குறிப்பிடாத ஏற்பு, நடைமுறையில் நிலையான ஏற்பாகிவிடுகிறது. குழுவின் பெயரை மட்டும் எழுதாமல், பதவியைக் குறிப்பிடுவது வேண்டும். ஆட்கள் மாறினாலும் பதவிக்கு வருபவரிடம் அப்பொறுப்பு சேரும்.

நிகழ்வின்போது தற்செயலாக உதவியவற்றையும் இங்கே குறிக்கலாம். கிட்லேப்பை மீட்ட ஆறு மணி நேரத்து நிழற்படம் எந்தத் திட்டத்திலும் இல்லாதது. அது இல்லாதிருந்தால், நாள்தோறும் ஒருமுறை தானாக எடுக்கப்பட்ட பழைய நிழற்படத்துக்கே திரும்பவேண்டியிருந்திருக்கும். இழப்பும் ஒரு நாள் வரை நீண்டிருக்கும். நிழற்படங்களை மணிக்கொருமுறை எடுப்பது என்று திருத்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டதன் வாயிலாக அந்தத் தற்செயல் ஒரு திட்டமாக்கப்பட்டது. அதை மூடும் பதிவில் கேட்கவேண்டியது, கடந்த ஒரு வாரத்தின் 168 மணிகளில் எத்தனை மணிகளுக்கு நிழற்படம் உள்ளது, அவற்றில் எத்தனை மீட்டுப் பார்க்கப்பட்டன என்பதாகும்.